சிறுகதையின் முதல் பக்கம்: தோடு எங்கே என்பதை மறைக்காதீர்கள்

ஒரே ஒரு காட்சியை வைத்துக்கொண்டு முதல் பக்கத்தை எழுதிப் பார்ப்போம். மாமியார் இறந்து பதினாறாம் நாள் காரியம். வீட்டில் பந்தி நடக்கிறது. அவருடைய வைரத்தோட்டைக் காணவில்லை. கதை சொல்பவள் இளைய மருமகள்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்:

"அன்று காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. என் மனமும் கனத்துக் கிடந்தது. என் மாமியார் பாசமானவர். அவருக்கு மூன்று பிள்ளைகள்..."

வானமும் மனமும் யாருடைய கதையிலும் இப்படி இருக்கலாம். மூன்று பிள்ளைகளின் கணக்கை வாசகர் இன்னும் கேட்கவே இல்லை. நானும் பல வருஷம் இப்படி எழுதியவன்தான்.

முதலில், கதை சொல்பவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

சும்மா நிற்பவள் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். யோசித்தால் பழைய கதைதான் வரும். இவளைப் பரிமாற விடுவோம்.

"தோட்டைப் பற்றி முதலில் பேச்செடுத்தது பெரிய நாத்தனார்தான். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். 'ஆஸ்பத்திரியில கழற்றிக் கொடுத்திருப்பாங்களே, யார் வாங்கினது?' என்று இலையைப் பார்த்தபடியே கேட்டாள். கடைசிப் பத்து நாளும் அங்கே இருந்தது நான் ஒருத்திதான். அடுத்த இலைக்குப் போனேன். சின்ன மாமா போதும் என்று இரண்டு கையாலும் இலையை மறைத்தார். அதற்குள் ஊற்றிவிட்டிருந்தேன்."

பழைய கதை இதிலும் இருக்கிறது, 'கடைசிப் பத்து நாளும்' என்ற ஒரே வரியில். நாத்தனாரின் கேள்வி யாரைக் குத்துகிறது என்று புரிய அந்த வரி வேண்டும். மூன்று பிள்ளைகள், மாமியாரின் பாசம் எல்லாம் இல்லாமலேயே காட்சி நிற்கிறது. அவை மூன்றாம் பக்கத்துக்குப் போகட்டும். ஒருவருக்கும் பெயர் வைக்கவில்லை என்பதையும் பாருங்கள். நாத்தனார், சின்ன மாமா என்றாலே இந்தப் பந்திக்குப் போதும்.

அடுத்து, குரலைச் சோதியுங்கள்

குரல் என்றதும் வட்டார வழக்கை அள்ளிக் கொட்டுகிறார்கள். அது பிறகு. ஒருவர் எதைக் கவனிக்கிறார், எதைக் கவனிக்காமல் விடுகிறார் என்பதில்தான் குரல் தொடங்குகிறது. சோதிக்க ஒரு வழி உண்டு. அதே காட்சியை வேறொருவர் வாயால் எழுதிப் பாருங்கள். மூத்தவர் வீட்டுப் பத்து வயதுப் பையன் சொன்னால்:

"சித்தி ரசத்தைச் சின்னத் தாத்தா கையிலேயே ஊற்றிவிட்டாள். அவர் கத்தவே இல்லை. பெரியவர்கள் கத்தாவிட்டால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்."

தோடு அவன் கண்ணில் படவே இல்லை. மருமகளுக்கோ தாத்தாவின் கை சுட்டது பெரிதில்லை. ஆளை மாற்றிய பிறகும் வாக்கியங்கள் அப்படியே பொருந்துகின்றன என்றால், முதலில் எழுதியதில் குரல் இல்லை.

அப்புறம், ரகசியத்தைச் சொல்லிவிடுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தோட்டை எடுத்தது இவள்தான் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பக்கம் வரை அதை மறைத்தால் பதற்றம் கூடும் என்று தோன்றும். ஆனால் 'நான்' என்று பேசுகிறவள், தனக்குத் தெரிந்ததை நம்மிடம் மட்டும் ஒளிக்கிறாள். முடிவில் தெரியவரும்போது வாசகருக்கு ஏமாந்த கோபம்தான் வரும். 'அந்த விஷயம்', 'அன்று நடந்தது' என்று பூடகமாக எழுதுவதும் இதே கோளாறுதான். பதற்றம் வராது, குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் பக்கத்தின் கடைசி வரியாக இதைப் போடுங்கள்:

"தோடு என் ஜாக்கெட்டுக்குள், கைக்குட்டை முடிச்சில் இருந்தது. குனிந்து ஊற்றும்போதெல்லாம் குத்தியது."

'தோடு எங்கே?' என்ற கேள்வி முடிந்துபோனது. இனி ஒவ்வொரு தடவை அவள் குனியும்போதும் வாசகருக்குப் பக்கென்கும். ஏன் எடுத்தாள் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்கே அது சரியாகத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, அப்போது அவள் எதையும் ஒளிக்கவில்லை.

எல்லாக் கதைக்கும் இப்படி ஒரு களவு தேவையில்லை. மெதுவாக நகரும் கதையில் குரலே ஆளை இழுத்துப் போகும். அதற்குக் கொஞ்சம் கை பழக வேண்டும், முதல் கதையிலேயே முயல வேண்டாம்.

கடைசியாக, ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள்

முதல் பக்கத்தை மட்டும் படித்து நிறுத்திவிட்டு, "யார் பேசுறாங்க? இப்ப உங்களுக்கு என்ன தெரியணும்?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால் திரும்ப எழுத வேண்டியதுதான். "அதைப் போய் எதுக்கு எடுத்தா அவ?" என்று அவர் எரிச்சல்பட்டால், இரண்டாம் பக்கத்துக்குப் போகலாம். மோர் பரிமாற இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறது, நாத்தனார் கையைக் கழுவவில்லை.