ஐடி கார்டு போட்டோ வெட்டும் ஸ்கிரிப்ட் கேட்டு ஐடி ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

போன வருடம் எங்கள் பள்ளியில் நான்கு ஆசிரியர்கள் உட்கார்ந்து ஐடி கார்டு போட்டோக்களைக் கையால் வெட்டினோம். எல்லாப் படமும் ஒரே அளவுதான், ஆனால் அச்சாகி வந்தபோது ஒரு பிள்ளையின் முகம் கட்டம் முழுக்க நிறைந்திருந்தது, பக்கத்துப் பிள்ளைக்கு இடுப்பு வரை தெரிந்தது. அதனால் இந்த முறை, வெட்டும் வேலையைத் தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட் கேட்டு, பள்ளியின் கணினி வேலைகளைப் பார்க்கும் ஐடி ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். "போட்டோக்களை ஒரே மாதிரி வெட்ட ஒரு புரோகிராம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. 'ஒரே மாதிரி' என்றால் என்ன என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

1. அளவைக் கேட்டு எழுதுங்கள்

கார்டில் போட்டோவுக்கு எவ்வளவு இடம் என்று முதலில் அச்சகத்தில் கேளுங்கள். எங்களுக்கு 25 × 30 மி.மீ., அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ. மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்து 300-ஆல் பெருக்கினால் பிக்சல் கணக்கு வந்துவிடும்: 295 × 354.

2. முகம் எங்கே, எவ்வளவு பெரிதாக?

கடிதத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முகம் கண்டறியும் ஸ்கிரிப்ட், ஓப்பன்சிவி போன்ற ஒரு நிரல் தொகுப்பை வைத்து முகத்தைச் சுற்றி ஒரு சதுரக் கட்டம் போடும். அந்தக் கட்டத்தில் தலைமுடி முழுக்க அடங்காது என்பதால் அதையே வெட்டினால் உச்சந்தலை போய்விடும். எனவே நான் கேட்டது இரண்டே விஷயம்: முகக் கட்டம் வெட்டிய படத்தின் அகலத்தில் பாதி இருக்க வேண்டும், முகத்தின் மையம் மேலிருந்து 45 சதவீதத்தில் வர வேண்டும்.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். 3000 × 4000 பிக்சல் போட்டோ, முகக் கட்டம் 900 பிக்சல், அதன் மையம் இடமிருந்து 1500, மேலிருந்து 1650.

```
அகலம் = 900 × 2 = 1800
உயரம் = 1800 × 354 ÷ 295 = 2160
இடது = 1500 − 900 = 600
மேல் = 1650 − 0.45 × 2160 = 678
```

அந்த இடத்தில் வெட்டி 295 × 354 ஆகச் சுருக்கினால் முடிந்தது. முகம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இதே கணக்குதான், அதனால்தான் எல்லா முகமும் ஒரே அளவில் வருகிறது. சரி, பிள்ளையின் தலை படத்தின் மேல் விளிம்பை ஒட்டி இருந்தால்? மையம் 550-இல் இருந்தால் 'மேல்' −422 ஆகிவிடும், அதாவது இல்லாத இடத்தை வெட்டச் சொல்கிறோம். அந்தப் படத்தைத் திரும்ப எடுப்பதைத் தவிர வழியில்லை.

3. சந்தேகமான படம் எங்கே போக வேண்டும்?

முகமே கிடைக்காத படம், பின்னால் நின்றவர் முகமும் சேர்ந்து இரண்டு முகம் கிடைத்த படம், விளிம்பைத் தாண்டும் படம், இவை எல்லாம் `check` என்ற தனி ஃபோல்டருக்குப் போகட்டும், ஸ்கிரிப்ட் தானாக முடிவெடுக்க வேண்டாம். மூலப் படங்களின் மேலேயே வெட்டிய படத்தைச் சேமிக்கக் கூடாது என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

4. கடிதம்

> பொருள்: மாணவர் அடையாள அட்டைப் படங்களை வெட்டும் ஸ்கிரிப்ட் வேண்டுதல்.
>
> ஐயா, வணக்கம். ஆறாம் வகுப்புப் படங்கள் `original` ஃபோல்டரில் உள்ளன. ஒவ்வொன்றின் பெயரும் சேர்க்கை எண். அந்தப் பெயர் மாறாமல் `output` ஃபோல்டரில் 295 × 354 அளவில் வேண்டும். முகக் கட்டம் அகலத்தில் பாதி, முகத்தின் மையம் மேலிருந்து 45 சதவீதம். படத்தை இழுத்து நீட்ட வேண்டாம். போனில் எடுத்ததால் சில படங்கள் சாய்ந்து திறக்கின்றன, முதலில் அவற்றை நிமிர்த்த வேண்டும். முகம் கிடைக்காத, இரண்டு முகம் கிடைத்த, விளிம்பைத் தாண்டும் படங்கள் `check` ஃபோல்டருக்கு. மூலப் படங்கள் எதுவும் மாறக் கூடாது. பிள்ளைகளின் படங்கள் என்பதால் இணையத்தில் ஏற்றாமல் பள்ளிக் கணினியிலேயே ஓட வேண்டும். பத்து மாதிரிப் படங்களும் நான் கையால் சரியாக வெட்டிய இரண்டும் இணைத்துள்ளேன்.

மாதிரிப் படங்களில் நல்லவற்றை மட்டும் கொடுக்காதீர்கள். கண்ணாடி போட்ட பிள்ளை, தலையைச் சாய்த்தவர், வெளிச்சம் குறைந்தது, உயரமாகக் கொண்டை போட்டவர் எல்லாம் அதில் இருக்கட்டும். ஸ்கிரிப்ட் தடுமாறுவது அங்கேதான். கொண்டை வெட்டுப்பட்டால் 45-ஐ 50 ஆக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் எல்லாப் படத்துக்கும் சேர்த்து.

அப்புறம், ஸ்கிரிப்ட் வந்ததும் முதலில் ஒரே ஒரு வகுப்புக்கு ஓட்டுங்கள். `output` ஃபோல்டரைப் பெரிய ஐகான்களில் திறந்து ஒவ்வொரு வரிசையாகக் கண்களை மட்டும் பாருங்கள். எந்தப் படத்தில் கண்கள் மேலேறியோ இறங்கியோ நிற்கிறதோ, அதில் சட்டைப் பொத்தானையோ சுவரில் இருக்கும் எதையோ முகம் என்று எடுத்திருக்கலாம். அதை அச்சகத்துக்கு அனுப்பும் முன் பிடித்துவிடலாம்.