சிறுநீரகம் செயலிழந்த பிறகும் பழைய அளவிலேயே இன்சுலினா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகளாக வெறும் வயிற்றில் 170, 180 என்று காட்டிக்கொண்டிருந்த சர்க்கரை, உணவிலோ மருந்திலோ எந்த மாற்றமும் இல்லாமல் 110க்கு இறங்கினால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். அந்த நோயாளிக்குச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தால், அந்த இறக்கத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதே முதல் தவறு. நீரிழிவு அங்கே குணமாகவில்லை. போட்ட இன்சுலினை உடலிலிருந்து அகற்றும் உறுப்பு ஓய்ந்துகொண்டிருக்கிறது.

கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலைக் கடக்கிறது. அதில் ஏறத்தாழ பாதி அங்கேயே அழிந்துவிடுகிறது. தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் இன்சுலின் அந்த வழியில் செல்லாமல் நேராகப் பொது இரத்த ஓட்டத்தில் கலப்பதால், அதை வடிகட்டிச் சிதைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு சிறுநீரகத்தைச் சேர்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண் ஓரளவு குறையும் வரை உடல் சமாளித்துக்கொள்கிறது. அது 20க்குக் கீழே, குறிப்பாக 15க்குக் கீழே போகும்போது, நேற்று வரை எட்டு மணி நேரம் வேலை செய்த ஊசி பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வேலை செய்யத் தொடங்கலாம். சிறுநீரகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பட்டினி நேரத்தில் கல்லீரலைப் போலவே அதுவும் சர்க்கரையைத் தயாரித்து இரத்தத்தில் விடும். அந்தக் கையிருப்பும் குறைந்து, குமட்டலால் சாப்பாடும் பாதியாகிப்போன நிலையில், பழைய அளவு ஊசி அதிக அளவு ஊசியாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 62 வயதான ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். 13, இன்னும் டயாலிசிஸ் தொடங்கவில்லை. விரைவாக வேலை செய்யும் பகுதியும் நீண்ட நேரம் வேலை செய்யும் பகுதியும் சேர்ந்த 30/70 கலவை இன்சுலின் காலை 30 யூனிட், இரவு 20 யூனிட் போட்டு வருகிறார். இரவு எட்டு மணிக்கு ஊசி போட்டு இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுப் படுத்தவர், அதிகாலை மூன்று மணிக்குச் சட்டை நனைய வியர்த்து, பேச்சுக் குழறி எழுகிறார். குளுக்கோமீட்டர் 48 காட்டுகிறது. பதறிப்போன குடும்பத்தினர் சர்க்கரை போட்ட காப்பி, பிஸ்கட், ஜாம் என்று அடுத்தடுத்துக் கொடுக்க, காலை ஏழு மணிக்கு அளவு 210 ஆகிறது. மூன்று மணி நிகழ்ச்சியைக் குறிப்பேட்டில் எழுதாமல் இந்த 210ஐ மட்டும் எழுதி, அதைப் பார்த்து அன்றிரவு ஊசியை இரண்டு யூனிட் கூட்டுகிறார்கள். அடுத்த இரவு முந்தைய இரவைவிட மோசமாக அமைவதற்கு இது போதும்.

இங்கே செய்ய வேண்டியது நேர்மாறானது. ஈ.ஜி.எஃப்.ஆர். 50க்கும் 10க்கும் இடையில் இருக்கும்போது மொத்த இன்சுலினில் கால் பங்கையும், 10க்குக் கீழே போனால் பாதியையும் குறைத்துத் தொடங்கலாம் என்பது மருத்துவர்களிடையே நெடுங்காலமாக இருக்கும் வழிகாட்டுதல். அதன்படி 50 யூனிட் 38 அளவுக்கு வரும். ஆனால் எல்லா வேளையிலும் சமமாகக் குறைப்பதில் பொருளில்லை. கலவை ஊசியின் நீண்ட நேரப் பகுதி உச்சம் தொடுவது நடு இரவுக்குப் பிறகு என்பதால், இவருக்கு இரவு ஊசியை 20லிருந்து 10க்கும், காலை ஊசியை 30லிருந்து 28க்கும் இறக்குவது பொருத்தமாக இருக்கும். பிறகு சில நாட்கள் அதிகாலை மூன்று மணிக்கும் அளந்து பார்த்தே அடுத்த மாற்றம் முடிவாக வேண்டும். இந்த எண்கள் இவருக்கானவை. உங்கள் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் நம்புவது அடுத்த தவறு. 120 நாட்கள் வாழ வேண்டிய சிவப்பணுக்கள் டயாலிசிஸ் நோயாளிகளிடம் விரைவிலேயே அழிகின்றன. இரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபாய்டின் ஊசியும் ஏற்றும் இரத்தமும் புதிய அணுக்களைச் சேர்க்கின்றன. இதனால் அந்த எண் உண்மையைவிடக் குறைவாகவே வருவது வழக்கம். எப்படியும் சராசரி எண்ணில் 48ம் 300ம் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். 6க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற பழைய பிடிவாதத்தை இந்த நிலையில் விட்டுவிடுவதே நல்லது; ஆளுக்கேற்ப 6.5 முதல் 8 வரை இலக்கு வைப்பது இன்று ஏற்கப்பட்ட நடைமுறை.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு நாளுக்கு நாள் தேவை மாறுகிறது. பயன்படுத்தும் திரவத்தில் பெரும்பாலும் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். குளுக்கோஸ் இல்லாத திரவமும் சில இடங்களில் உண்டு. 250ல் உள்ளே போனவரின் சர்க்கரை அந்தத் திரவத்தின் அளவை நோக்கி இறங்கும். ஆறு மணி ஷிஃப்டுக்காக அவசரமாக ஊசியைப் போட்டுக்கொண்டு, சிற்றுண்டியைத் தவறவிட்டு வருபவர் நான்கு மணி நேரத்தின் பின்பாதியில் துவண்டுபோவது இதனால்தான். இரத்த அழுத்தம் குறைந்ததாக எண்ணிக் கால்களை உயர்த்திப் படுக்கவைத்துவிட்டுச் சர்க்கரையை அளக்காமல் விடுவதும் நடக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும். அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் கைநடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

இதற்குப் பயந்து டயாலிசிஸ் நாளில் ஊசியையே போடாமல் வருவதும் தவறுதான். முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு அது கீட்டோன் நஞ்சாக முடியலாம். மற்றவர்களுக்கும் மாலையில் சர்க்கரை எகிறும். சிறுநீர் வராதவரிடம் அது வெளியேற வழியின்றித் தாகத்தைத் தூண்டும், குடித்த நீரெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை எடையாகத் தங்கும். அன்று காலை அளவை மட்டும் குறைப்பதும், சாப்பாடு உறுதியான பிறகே ஊசி போடுவதும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டிய விவரங்கள்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கைக்குக் கிடைத்த இளநீரையோ ஆரஞ்சுச் சாற்றையோ வெல்லத்தையோ கொடுப்பது வழக்கம். மற்றவர்களுக்கு அது சரி. டயாலிசிஸ் நோயாளிக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ 15 கிராம் குளுக்கோஸ் பொடியையோ கொஞ்சமே நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, 70ஐத் தாண்டாவிட்டால் அதையே திரும்பக் கொடுத்தால் போதும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஊசியுடன் கிளிபென்கிளமைடு மாத்திரையும் பழக்கத்தில் தொடர்பவர்கள் தனியே கவனிக்கப்பட வேண்டியவர்கள். அதன் சிதைபொருட்களும் சர்க்கரையைக் குறைப்பவை. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியவை. எனவே இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மீண்டும் இறங்கக்கூடும். இப்படிப்பட்டவரைத் தெளிந்தவுடன் வீட்டுக்கு அழைத்துப்போகாமல் மருத்துவமனையிலேயே வைத்து, சில மணிக்கொரு முறை அளந்துகொண்டிருக்க வேண்டும்.