காகமும் மயிலும்: அனிமேஷன் குறும்படத்துக்கு ட்ரீட்மென்ட் எழுதுவது எப்படி?

ஆறு நிமிடக் குறும்படத்துக்கு இரண்டு பக்க ட்ரீட்மென்ட் போதும். ஒன்லைனுக்கும் திரைக்கதைக்கும் நடுவில் நிற்பது அது. முழுக் கதையையும் திரையில் வரும் வரிசையிலேயே, நிகழ்காலத்தில், உரைநடையாக எழுத வேண்டும். ஸ்டோரிபோர்டு வரைகிறவர் இதைப் படித்துவிட்டுத்தான் பென்சிலை எடுப்பார். 'காகம் வருந்துகிறது' என்று எழுதினால் அவருக்கு வரைய எதுவும் கிடைக்காது. 'காகம் அலகைத் திறக்கிறது, மயிலைப் பார்க்கிறது, சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது' என்று எழுதினால் மூன்று படம் கிடைத்துவிடும்.

காகம், மயில் கதை ஒன்றை நான் எழுதி முடித்த வழியை அப்படியே சொல்கிறேன்.

படி 1: பறவைகளிடமிருந்து கதையை எடுங்கள்

மயில் இறகைச் செருகிக்கொண்டு அவமானப்பட்ட காகத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். 'உன் இடத்திலேயே இரு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் அந்த முடிவு எனக்குப் பிடிக்காது. அதனால் அதைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு பறவைகளும் நிஜத்தில் என்ன செய்கின்றன என்று பார்த்தேன்.

நம் வீடுகளில் சாப்பிடுவதற்கு முன் ஒரு பிடி சோற்றை மதில் மேல் வைத்து 'கா... கா...' என்று கூப்பிடுகிறோம். வந்த காகம் முதலில் கரையும், அப்புறம்தான் மற்ற காகங்கள் வந்து சேரும். மயிலுக்கோ இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகை உதிர்ந்துவிடும். மறுபடி வளரும்வரை காட்டிக்கொள்ள ஒன்றும் இருக்காது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது கதை வந்துவிட்டது.

படி 2: ஒன்லைன்

'மயிலைப் பார்த்துத் தன் குரலுக்கு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்ட காகம், தோகை உதிர்ந்து ஒதுங்கி நிற்கும் மயிலுக்காக மறுபடி கரைகிறது.'

இதில் காகம் செய்வது எல்லாமே கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். உங்கள் ஒன்லைனில் 'உணர்கிறது', 'புரிந்துகொள்கிறது' என்று வந்தால் முடிவு இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அது கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: சீன் ஆர்டர்

இதற்கு நான் சின்ன அட்டைகளும் பேனாவும்தான் வைத்துக்கொள்வேன். திரைக்கதை மென்பொருளை இந்தக் கட்டத்தில் திறக்கவே வேண்டாம். பாத்திரத்தின் பெயரை அடித்ததும் அது வசனத்துக்கு இடம் ஒதுக்கும். நம் கையும் வசனம் எழுதப் போய்விடும்.

என் வரிசை இது. காலையில் பாட்டி மதில் மேல் சோறு வைக்கிறாள், காகம் கரைகிறது, கூட்டம் வருகிறது. பக்கத்துக் களத்தில் மயில் தோகை விரிக்கிறது. தெருவே அங்கே திரும்புகிறது, பாட்டியும் திரும்புகிறாள். காகம் கரைய, வேடிக்கை பார்க்கும் ஒரு பையன் காதைப் பொத்திக்கொள்கிறான். மறுநாள் சோறு வந்தும் காகம் கரையவில்லை. தனியாகத் தின்கிறது, மிச்சத்தில் எறும்பு ஏறுகிறது. நாட்கள் நகர, களத்தில் இறகுகள் கிடக்கின்றன. பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தோகை இல்லாத மயில் வேலியோரம் நிற்கிறது, யாரும் திரும்பவில்லை. அப்புறம் கடைசி சீன்.

படி 4: சொல்லாமல் சொல்லும் முடிவு

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். 'அழகு நிலையில்லாதது' என்று காகம் மயிலிடம் சொல்லலாம் என்று தோன்றும். கரைந்துண்ணும் காக்கையைப் பற்றிய குறளைத் திரையில் போட்டு முடிக்கலாம் என்றும் தோன்றும். அந்தக் குறள் பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரியும். நாம் எழுதிக் காட்டினால் அவர் மனதில் தானாக வரவேண்டியதை முந்திக்கொண்டு பறித்துவிடுவோம்.

வழி என்னவென்றால், கடைசிச் செயல் படத்தில் முன்பே வந்த ஒரு செயலாக இருக்க வேண்டும். இப்போது அதன் பொருள் மாறியிருக்க வேண்டும். முதல் சீனில் காகம் கரைவது வெறும் பழக்கம். நடுவில் அது நின்றுபோவதும், சோறு மிஞ்சி எறும்பு ஏறுவதும் இழப்பு. இந்த இரண்டும் சரியாக விழுந்திருந்தால் கடைசியில் ஒருமுறை கரைந்தாலே போதும். நான் எழுதியது:

'மதில் மேல் சோறு. காகம் இறங்குகிறது. ஒரு பருக்கையைக் கொத்தப்போய் நிற்கிறது. வேலியோரம் மயில். காகம் அலகைத் திறக்கிறது. ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை. பிறகு கரைகிறது, முதல் சீனில் கேட்ட அதே கரகரத்த குரலில். காகங்கள் வந்து மதிலை நிறைக்கின்றன. மயில் தயங்கித் தயங்கி மதிலடிக்கு வருகிறது. நம் காகம் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து இடம் விடுகிறது.'

அந்த ஓரடிதான் இந்தக் கதையின் நீதி. மயில் நன்றி சொல்ல வேண்டாம், காகத்தின் கண்ணில் ஈரம் வேண்டாம், காதைப் பொத்திய பையன் திரும்பி வந்து புன்னகைக்கவும் வேண்டாம்.

முடிவு வேலை செய்கிறதா என்று பார்க்க, கடைசி சீனை விட்டுவிட்டு மீதிக் கதையை ஒரு குழந்தைக்குச் சொல்லுங்கள். 'இப்போ காக்கா என்ன பண்ணும்?' என்று கேளுங்கள். 'கூப்பிடும்' என்று பதில் வந்தால் சரி. 'மயிலைத் திட்டும்' என்று வந்தால் கடைசி சீனைத் தொடாதீர்கள். குறை எறும்பு சீனில் இருக்கிறது. காகத்தின் தனிமை அங்கே போதுமான நேரம் தெரியவில்லை.

படி 5: தோகையின் செலவு

கையால் வரையும் அனிமேஷனில் நொடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வேண்டும். பத்து நொடி தோகை ஆடினால் 120 படம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேல் இறகு. சிறிய குழு இதிலேயே சோர்ந்துவிடும். அதனால் முழுத் தோகையை ஒரே ஒருமுறைதான் எழுதினேன். மற்ற இடங்களில் 'தோகையின் நிழல் மதில் மேல் விரிகிறது', 'காகத்தின் முகத்தில் பச்சை ஒளி அசைகிறது' என்று எழுதினேன். காகத்தின் பார்வையில் நடக்கும் கதைக்கு இதுவே பொருத்தம்.

பின் சேர்க்கை

ஒரு வாசகர் எழுதியிருந்தார்: 'தோகை ஒரே ராத்திரியில் உதிராதே?' உண்மைதான், சில வாரங்கள் ஆகும். அதனால் 'மறுநாள் தோகை இல்லை' என்று எழுத வேண்டாம். மதில், சோறு, வெளிச்சம் மூன்றும் மாறும் நாலைந்து சின்ன ஷாட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பின்னணியில் மயிலின் தோகை குறைந்துகொண்டே வருவதாக எழுதுங்கள். மேலே 'நாட்கள் நகர' என்று இருக்கும் இடத்தில்தான் இது வரும்.

கதைசொல்லியின் குரல் வைக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். வைக்கலாம், ஆனால் எறும்பு சீனுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் குரல் தொடர்ந்தால் கடைசி சீனுக்கும் அது விளக்கம் சொல்லும் என்று பார்ப்பவர் காத்திருப்பார். ஸ்டோரிபோர்டு படங்களை நேரக்கணக்கோடு வரிசையாக ஓடவிடும் அனிமேட்டிக் செய்யும்போது போனிலேயே உங்கள் குரலைப் பதிவு செய்து, குரலோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். குரல் இல்லாமலே கதை விளங்கினால் அந்த வரிகளை ட்ரீட்மென்டிலிருந்தும் எடுத்துவிடலாம்.