ரத்தம், முட்டை, பால் கறைக்கு சுடுதண்ணி ஊத்தாதீங்க, கறை துணியிலயே வெந்துடும்

துணியில என்ன பட்டாலும் நாம முதல்ல செய்யறது சுடுதண்ணியில முக்கறதுதான். எண்ணெய் பிசுக்குக்கு அது சரி. ஆனா ரத்தம், முட்டை, பால் இந்த மூணுக்கும் அதுதான் பெரிய தப்பு, ஏன்னா மூணுமே புரதக் கறை.

பச்சை முட்டையோட வெள்ளைக்கரு தண்ணியில கரையும், அதையே சூடான தண்ணியில விட்டா சுமார் 60 டிகிரி தாண்டும்போதே வெள்ளையா கெட்டியாக ஆரம்பிச்சிடும், அப்புறம் எவ்ளோ அலசினாலும் கரையாது இல்லையா. ரத்தத்துல இருக்கற புரதமும் இப்படித்தான் வேகும். சுருண்டு கிடக்கற புரத இழை சூட்டுல பிரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், துணியில இருக்கும்போது அது நூலுக்குள்ளயே நடக்கறதால நூலையும் சேர்த்து பிடிச்சுக்கும்.

எங்க வீட்டுல பையனுக்கு ராத்திரி மூக்குல ரத்தம் வந்து வெள்ளை காட்டன் தலையணை உறையில உள்ளங்கை அளவுக்கு ஆயிடுச்சு. காலையில நான் நேரா மெஷின்ல போட்டு 60 டிகிரி வச்சேன். வெளிய எடுத்தா சிவப்பு போயிடுச்சு, ஆனா பழுப்பா ஒரு திட்டு, ஓரத்துல வட்டமா அழுத்தமான கோடு. அந்த பழுப்பு வேற ஒண்ணுமில்ல, ரத்தத்துல இருக்கற இரும்பு ஆக்ஸிஜன் பட்டு மாறின நிறம், அதை வெந்த புரதம் உள்ள பூட்டி வச்சிருக்கு.

அப்பவே என்ன செஞ்சிருக்கணும்னா, கறையோட பின்பக்கத்தை குழாய்க்கு நேரா பிடிச்சு நல்லா ஜில்லுனு இருக்கற தண்ணியை விடணும், அப்பதான் ரத்தம் வந்த வழியாவே வெளிய தள்ளப்படும், முன்பக்கம் விட்டா இன்னும் உள்ளதான் போகும். ப்ரஷ் போட்டு தேய்க்கவும் வேணாம், பரவும். தண்ணி தெளிவா வடியற வரைக்கும் விட்டுட்டு, பச்சைத்தண்ணியில என்சைம் இருக்கற டிடர்ஜென்ட் கலக்கி ஒரு மணி நேரம் ஊற வைக்கணும், காஞ்ச கறைன்னா ராத்திரி முழுக்க. பாக்கெட்டுல என்சைம்னோ புரோட்டியேஸ்னோ போட்டிருக்கானு பாருங்க. புரதத்தை துண்டு துண்டா வெட்டற வேலை அதோடது, ஆனா அதுக்கு டைம் குடுக்கணும், பத்து நிமிஷத்துல எடுத்துட்டு வேலை செய்யலன்னு சொன்னா எப்படி. கூடவே ப்ளீச் ஊத்தினா என்சைமே செத்துடும், அதனால ரெண்டையும் சேர்க்காதீங்க.

என் தலையணை உறையை அப்படி ராத்திரி முழுக்க ஊற வச்சேன், பாதிக்கு மேல வெளுத்துச்சு. மிச்சத்துக்கு மெடிக்கல்ல கிடைக்கற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டு பத்து நிமிஷம் கழிச்சு அலசினேன், ரெண்டு தடவை. ரொம்ப லேசா ஒரு கோடு இன்னும் இருக்கு, அது இனிமே போகாதுன்னு விட்டுட்டேன். பெராக்சைடு நிறத்தையும் எடுக்கும், கலர் துணின்னா உள்தையல்ல ஒரு சொட்டு விட்டு பாத்துட்டு செய்யுங்க.

இதுல ஒரு முக்கியமான விஷயம், பட்டும் கம்பளியுமே புரதம்தான். என்சைம் கறையைத் தின்ற மாதிரி துணியையும் தின்னும். அதுக்கு பச்சைத்தண்ணியும் மைல்டான சோப்புத் தண்ணியும் மட்டும்தான், அதுக்கு மேல போகலன்னா தெரிஞ்ச ட்ரை க்ளீனர்கிட்ட என்ன கறைன்னு சொல்லி குடுத்துடுங்க.

முட்டைன்னா முதல்ல ஒரு ஸ்பூனால வழிச்சு எடுத்துடணும், அப்புறம் மேல சொன்ன அதே வழி. மஞ்சள்கருவுலயும் பால்லயும் கொழுப்பும் இருக்கறதால வரிசைதான் முக்கியம், பச்சைத்தண்ணியில புரதம் போன பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் கழுவற லிக்விடும். மாத்தி செஞ்சா கொழுப்பு போகும், புரதம் தங்கிடும். பால் கறைக்கு நிறைய பேர் எலுமிச்சை, வினிகர் போடறாங்க, பால்ல எலுமிச்சை பிழிஞ்சா திரியும்னு தெரியும்ல, அதேதான் துணியிலயும் நடக்கும். பால் கறை ஈரத்துல கண்ணுக்கே தெரியாது, காஞ்சதும் அந்த இடம் மட்டும் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பா இருந்தா, இல்ல லேசா புளிச்ச வாடை வந்தா இன்னும் போகலன்னு அர்த்தம்.

அப்படி இருந்தா மறுபடி ஊற வைங்க, அயர்ன் பாக்ஸ் பக்கமோ ட்ரையர் பக்கமோ கொண்டு போகாதீங்க. சுடுதண்ணியை விட அயர்ன் பாக்ஸ் சூடு ரொம்ப அதிகம், அது பட்டுட்டா ராத்திரி முழுக்க ஊற வச்சாலும் பெருசா அசையாது.