நேரம் பிந்தியது என்பதற்காக அந்த சேவ்தான் சரி என்று முடிவு கட்டாதீர்கள்

போன் ஒன்று, டேப் ஒன்று, இரண்டிலும் ஒரே அக்கவுண்டில் ஒரே கேம். இப்படி ஆடுபவருக்காகப் பல கேம்களில் ஒரு எளிய விதி எழுதி வைத்திருப்பார்கள்: இரண்டு சேவ்களில் எதன் நேரம் பிந்தியதோ அதை வைத்துக்கொள், மற்றதை அழி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடுபவரின் உழைப்பைக் காவு வாங்குவதும் இந்த விதிதான்.

ஆம்பூரில் வீடு, ராணிப்பேட்டையில் வேலை என்று தினமும் ரயிலில் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு வீட்டில் டேபில் ஆடி 42ஆம் லெவலில் நிறுத்துகிறார். கிளவுடிலும் 42 ஏறிவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை ரயிலில் போனில் ஆடி 48ஐத் தொடுகிறார். வெள்ளி மாலை 6:50க்கு அதுவும் கிளவுடுக்குப் போய்விட்டது.

அன்று இரவு வீட்டில் கரண்ட் போய், ரவுட்டர் அணைந்திருக்கும் நேரத்தில் டேபில் கேமைத் திறக்கிறார். நெட் இல்லாததால் கேம் தன்னிடம் இருக்கும் 42ஐயே காட்டுகிறது. தினசரிப் பரிசாக 50 காசு தந்து, 9:05க்குத் தானாகவே ஒரு சேவும் போட்டுவிடுகிறது. கரண்ட் வந்ததும் கேம் ஒப்பிடுகிறது: 6:50ஐவிட 9:05 பிந்தியது. கிளவுடில் இருந்த 48ன் மேல் 42 ஏறிவிடுகிறது. மறுநாள் காலை போனைத் திறந்தால், தன்னிடம் இருப்பது 6:50, கிளவுடில் இருப்பது 9:05 என்று பார்த்து போனும் 42ஐ இறக்கிக்கொள்கிறது. ஐந்து நாள் ஆட்டம் இரண்டு இடத்திலும் போயிற்று. அவர் எந்தத் தப்பான பட்டனையும் அழுத்தவில்லை.

ஃபைல் எப்போது எழுதப்பட்டது என்பதை மட்டும்தான் நேரம் சொல்லும். எந்தப் பழைய சேவின் மேல் அது எழுதப்பட்டது என்பதைச் சொல்லாது. நமக்குத் தேவை இரண்டாவது தகவல்.

கடிகாரத்திலும் வில்லங்கம் உண்டு. லைஃப் சீக்கிரம் நிரம்பட்டும் என்று டேபின் தேதியை இரண்டு நாள் முன்னே தள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த சேவுக்கு வருங்காலத் தேதி விழும். நிஜத் தேதி அதைத் தாண்டும் வரை போனில் என்ன ஆடினாலும் தோற்றுக்கொண்டே இருக்கும். சரி, சர்வர் நேரத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்றால், அது சேவ் வந்து சேர்ந்த நேரம். மேலே சொன்ன கதையில் டேபின் சேவ்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. முடிவு மாறாது.

சரியான வழி, ஒவ்வொரு சேவுக்கும் சர்வர் ஒரு வரிசை எண் தருவது. எண்ணை சாதனமே போட்டுக்கொள்ள விடக்கூடாது. 57லிருந்து கிளம்பிய இரண்டு சாதனமும் ஆளுக்கொரு 58ஐ உண்டாக்கிவிடும். கடைசியாக எந்த எண்ணோடு ஒத்துப்போனோம் என்பதை சாதனம் நினைவில் வைத்து, அனுப்பும்போது அதையும் சொல்ல வேண்டும்:

```
PUT /save
If-Match: "57"
```

ஞாயிறன்று டேப் பார்த்தது 57. போன் ஆடியதில் சர்வர் இப்போது 63ல் நிற்கிறது. பொருந்தாததால் சர்வர் `412` என்று மறுத்துவிடும், எதுவும் அழியாது. டேபில் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்றால் பேசாமல் 63ஐ இறக்கிக்கொள்ளலாம். இரு பக்கமும் மாறியிருந்தால்தான் அது உண்மையான மோதல்.

கூகுள் ப்ளே கேம்ஸின் சேவ் வசதியில் இந்த மோதலைத் தீர்க்க `RESOLUTION_POLICY_MOST_RECENTLY_MODIFIED` என்ற தேர்வு உண்டு. நாம் பார்த்த அதே விதிதான் அது. கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடாதீர்கள். `RESOLUTION_POLICY_HIGHEST_PROGRESS` நமது கதைக்குப் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு சேவிலும் முன்னேற்ற எண்ணை நீங்களே எழுதியிருந்தால்தான் அது வேலை செய்யும்.

இரண்டையும் கலக்கப் போகிறீர்கள் என்றால் காசில் கவனம். திறந்த லெவல்களில் பெரியதை எடுக்கலாம், காசில் அப்படிச் செய்யக்கூடாது. ஞாயிறன்று 500 காசு. போனில் 300க்கு வாள் வாங்கியதில் மீதி 200. டேபில் பரிசு சேர்ந்து 550. பெரியதை எடுத்தால் வாளும் இருக்கும், 550ம் இருக்கும். பொதுவான 500லிருந்து இரு பக்க மாற்றத்தையும் போட வேண்டும்: 500 − 300 + 50, ஆக 250.

கலக்க முடியாத கேம் என்றால் ஆடுபவரிடமே கேளுங்கள். வெறும் தேதியைக் காட்டினால் அவரும் பிந்தியதைத்தான் அழுத்துவார். "போன், லெவல் 48" "டேப், லெவல் 42" என்று காட்டுங்கள். அவர் வேண்டாம் என்ற சேவையும் சில வாரமாவது சர்வரில் வைத்திருங்கள்.

ஆடுபவர்களுக்கு ஒன்று. டேபில் லெவல் இறங்கியிருப்பதைப் பார்த்தால் பதறிப்போய் போனில் கேமைத் திறக்காதீர்கள். 48 இன்னும் அதற்குள் இருக்கலாம். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுத் திறந்து, 48 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நெட் இல்லாமலே ஒரு லெவல் ஆடி சேவ் ஆகவிடுங்கள். பிறகு நெட்டைப் போட்டால், நேரத்தை மட்டும் பார்க்கும் கேமில் போனின் சேவ்தான் ஜெயிக்கும். அது ஏறி முடியும்வரை டேபைத் தொடாதீர்கள்.