கெட்டில்பெல் மட்டும் வைத்துப் பயிற்சி: அட்டவணையிலேயே நடக்கும் தவறுகள்

கொழுப்பும் குறைய வேண்டும், வலுவும் ஏற வேண்டும் என்று வீட்டில் கெட்டில்பெல்லைத் தூக்குகிறவர்களில் பலர் செய்வது இதுதான்: ஸ்விங், ஸ்குவாட், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ் எல்லாவற்றையும் இடைவெளியே இல்லாமல், தினமும் இருபது நிமிடம். வியர்வை கொட்டும். ஆனால் சில வாரம் கழித்தும் பிரஸ் எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நிற்கும். தோளுக்குப் போதுமான வேலை கிடைக்கும் முன்பே மூச்சு வாங்கி நிறுத்திவிடுகிறோம், அதுதான் காரணம். வலுவுக்கான பகுதியையும் மூச்சுக்கான பகுதியையும் பிரியுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். வலு முதலில், ஸ்விங் கடைசியில்.

16 கிலோவை ஒரு கையால் அதிகபட்சம் 5 முறை பிரஸ் செய்ய முடிகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒவ்வொரு செட்டிலும் 5 வரை போனால் இரண்டாவது செட்டிலேயே திணறுவார். அதற்குப் பதில் ஏணி மாதிரி ஏறலாம்: ஒவ்வொரு கையிலும் 1, அப்புறம் 2, அப்புறம் 3. நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி 1-லிருந்து. மூன்று ஏணி முடித்தால் ஒரு கைக்கு 18 ஆகிவிடும், எதுவும் திணறி ஏற்றியதாக இருக்காது. தடுமாற்றம் இல்லாதபோது ஒரு ஏணி கூட்டி, மெதுவாக ஐந்துக்குப் போகலாம். ஏணிகளுக்கு நடுவில் கெட்டில்பெல்லை மார்போடு பிடித்து 5 கோப்லெட் ஸ்குவாட், குனிந்தபடி இடுப்பை நோக்கி இழுக்கும் ரோ கைக்கு 8. இந்த ரோவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தள்ளுகிற வேலை மட்டும் நடக்கிறது, இழுக்கிற வேலை இல்லாமல் போகிறது.

ஸ்விங்குக்குப் பத்து நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் தொடங்கும்போது 10 ஸ்விங், மீதி நேரம் ஓய்வு. முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது ஸ்விங் இல்லை. இடுப்பைப் பின்னால் தள்ளி, வெடுக்கென்று நிமிர வேண்டும். கைகள் வெறும் கயிறு. கெட்டில்பெல் பின்னால் போகும்போது முழங்காலுக்குக் கீழே இறங்கினால் பாரம் கீழ்முதுகில் விழுகிறது. மறுநாள் பிட்டமும் பின்தொடையும் வலித்தால் சரி, கீழ்முதுகு மட்டும் பிடித்துக்கொண்டால் முறை தப்பு. எழும்பும் உயரம் குறைய ஆரம்பித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

அடுத்தது எடை. 16-லிருந்து 24-க்குப் போவது 50 சதவீத ஏற்றம். ஸ்விங் அதைச் சீக்கிரம் தாங்கிவிடும், பிரஸ் தாங்காது. 24-ஐ ஸ்விங்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிரஸ்ஸை 16-லேயே தொடருங்கள். 20 கிலோ கையில் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று வாரமாகியும் உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் அசையவில்லை என்றால், உடனே நூறு ஸ்விங்கை முந்நூறாக்கத் தோன்றும். வேண்டாம். அந்த நூறு செலவழித்த கலோரி ஒரு சின்ன நொறுக்குத்தீனியிலேயே திரும்பி வந்துவிடும்; கூட்டுகிற ஸ்விங்கின் களைப்போ அடுத்த பயிற்சி நாளின் பிரஸ்ஸைத்தான் பாதிக்கும். குறைக்க வேண்டியது சாப்பாட்டின் அளவை.