பரீட்சை மீதி பொருந்தவில்லையா? வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள்

பரீட்சை மீதியில் வரவும் செலவும் பொருந்தாவிட்டால், பேரேட்டை முதலிலிருந்து புரட்டாதீர்கள். வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், பெரும்பாலும் யாரோ இலக்கங்களை இடம்மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

திருகோணமலையில் மீன்பிடி வலை விற்கும் ஒரு கடையின் கணக்கில் வரவுப் பக்கம் 2,700 ரூபா குறைகிறது என்று வையுங்கள். 9ஆல் வகுத்தால் 300. அந்த 3தான் துப்பு: ஆயிரத்திலும் நூறிலும் உள்ள இலக்கங்களுக்கிடையே 3 வித்தியாசம் இருக்கும் தொகைகளை மட்டும் மூலப் பதிவோடு ஒப்பிட்டால் போதும். கொள்வனவுக் கணக்கில் 24,700 என்று இருக்கிறது. கொள்வனவு நாளேட்டின் மொத்தமோ 27,400. நான்கும் ஏழும் இடம் மாறியிருக்கின்றன. அப்படி எதுவும் அகப்படாவிட்டால், 3,000 ரூபாவை யாரேனும் 300 என்று எழுதினார்களா என்றும் பாருங்கள். ஒரு பூச்சியம் விடுபட்டாலும் அதே 2,700தான் வரும்.

இலக்கங்கள் இடம்மாறும்போது சரியான தொகைக்கும் பிழையான தொகைக்கும் இடையிலான வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகவே அமைவதால்தான் இது பலிக்கிறது.

வேறு பிழைகளும் தற்செயலாக 9ஆல் வகுபடலாம். தொகை தவறான பக்கத்தில் பதியப்பட்டிருந்தால் வித்தியாசம் அதன் இருமடங்காகும். ஆகவே பாதியான 1,350ஐயும் தேடுங்கள். பிழைகள் இரண்டு மூன்று கலந்திருந்தால் இந்த வழி உதவாது. மூல நாளேட்டிலேயே தவறான தொகை ஏறி இருபக்கமும் அப்படியே பதியப்பட்டிருந்தால், பரீட்சை மீதி பொருந்தியே நிற்கும்.